முதலாளி இல்லாத நேரத்தில் முடிவெடுக்க நான்கு வரி

1932-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் ‘கிளப் அலுமினியம்’ என்ற பாத்திர நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. நிறுவனத்தின் சொத்து முழுவதையும் விற்றாலும் ஏறத்தாழ 4 லட்சம் டாலர் கடன் மிஞ்சும் நிலை. விலையைக் குறைத்துப் போட்டியாளர்களை வெல்ல அவரிடம் பணம் இல்லை. ஊழியர்கள் நடந்துகொள்ளும் விதத்திலாவது மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்க முடியுமா என்று யோசித்து, எல்லோரும் மனப்பாடம் செய்யக்கூடிய ஒரு சோதனையை எழுதினார். ஆங்கிலத்தில் மொத்தமே 24 சொற்கள், நான்கு கேள்விகள். சொல்வது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணமும் நட்பும் வளருமா, எல்லோருக்கும் பயன் தருமா என்பவை அவை. 1943-ல் ரோட்டரி சங்கம் அதைத் தனதாக்கிக்கொண்டது. நம் ஊர் ரோட்டரி கூட்டங்களுக்குப் போனவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள்.

நிறுவனத்தின் கொள்கை வாசகம், மேனிஃபெஸ்டோ என்றெல்லாம் சொல்லி இன்று எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை சுவரில் சட்டம் போட்டு மாட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. டெய்லரின் நான்கு கேள்விகள் அப்படி முடியாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. அப்படி ஒரு வாசகத்தை எழுதி, ஐந்து பேர் முதல் முப்பது பேர் வரை வேலை செய்யும் ஒரு சிறிய தொழிலில் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதற்கான குறிப்புகள் இவை. விளக்கத்துக்காக ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு அக்கா நடத்துகிறார். செக்கில் இரண்டு பேர், பாட்டிலில் அடைக்க மூன்று பேர், கல்லாவிலும் தொலைபேசியிலும் இரண்டு பேர், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் என்று எட்டுப் பேர் வேலை.

1. எழுத உட்காரும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் வைத்திருங்கள். “அக்கா, இதுக்கு என்ன செய்யட்டும்?” என்று யார் எப்போது கேட்டாலும், நேரில் கேட்டாலும் போனில் கேட்டாலும், அந்தக் கேள்வியைக் கேட்டவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். நீங்கள் சொன்ன பதிலையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். காரணம் எழுதத் தேவையில்லை.

வாசகத்துக்கான மூலப்பொருள் இந்த நோட்டில்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் அழகான சொற்களைத் தேடுகிறார்கள், பிறகு அவற்றை வேலையோடு பொருத்தப் பார்க்கிறார்கள். அப்படி எழுதியது பொருந்துவதில்லை, ஏனென்றால் அதை எழுதும்போது எந்த வேலையும் கண் முன்னால் இல்லை.

நம் எண்ணெய்க் கடை நோட்டில் இப்படிப்பட்டவை சேரும். வந்த கொப்பரை மூட்டையில் கந்தகப் புகை போட்ட வாசனை அடிக்கிறது, நாளைக்குப் பெரிய ஆர்டர் இருக்கிறது, இறக்கலாமா? நேற்று ஆட்டிய நல்லெண்ணெய் இன்னும் தெளியவில்லை, வழக்கமாக வாங்குபவர் ஐந்து லிட்டர் இப்போதே வேண்டும் என்கிறார், கொடுக்கலாமா? ஒரு அம்மா பாதி தீர்ந்த பாட்டிலைக் கொண்டுவந்து வாசனை மாறிவிட்டது என்கிறார், பில் இல்லை, மாற்றித் தரலாமா? போனில் ஒருவர் இந்த எண்ணெய் சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா என்கிறார், என்ன சொல்ல? எள் கொடுத்த விவசாயி பணத்துக்கு வந்து நிற்கிறார், நீங்கள் ஊரில் இல்லை. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் கொஞ்சம் பாமாயில் கலந்து விலையைக் குறைத்துக் கொடு என்கிறார்.

2. நோட்டில் சேர்ந்த கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரே பதில் மட்டும் உள்ளவை ஒரு பக்கம், சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவை மறுபக்கம்.

பாமாயில் கலக்கும் கேள்வி முதல் வகை. கலப்பு எண்ணெய் விற்கச் சட்டத்தில் தனி விதிகள் இருக்கின்றன. இதில் ஊழியர் யோசிக்க ஒன்றும் இல்லை. கடை எத்தனை மணிக்குத் திறப்பது, யாருக்குக் கடன் உண்டு, லேபிளில் என்ன அச்சடிப்பது எல்லாமே இந்த வகைதான். இவற்றை ‘கடை விதிகள்’ என்று தனித் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். கொள்கை வாசகத்துக்குள் கொண்டுவராதீர்கள். சட்டத்தைக் கடைப்பிடிப்போம் என்று ஒரு கடை உறுதிமொழி எடுத்தால், படிப்பவருக்கு ஏன் இதைச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

மிஞ்சுபவைதான் வாசகத்துக்கு உரியவை. பெரும்பாலும் அவை நான்கைந்து கவலைகளாகக் கூடிவிடும். நம் கடையில் பொருளின் தரம், வாய்ப்பேச்சில் உண்மை, திரும்பி வரும் சரக்கு, விவசாயியின் பணம் என்று நான்கு.

3. ஒவ்வொரு கவலைக்கும் ஒரு வரி எழுதுங்கள். எழுதியதும் அதற்கு நேர் எதிரானதை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘தரமே எங்கள் உயிர்’ என்று எழுதினால் எதிர் ‘தரம் எங்களுக்குப் பொருட்டில்லை’ என்பது. அப்படிச் சொல்லும் கடை உலகத்தில் எதுவும் இல்லை. ஆகவே அந்த வரி எதையும் சொல்லவில்லை. அதை அடித்துவிடலாம்.

‘கேள்வி கேட்காமல் பாட்டிலை மாற்றித் தருவோம்’ என்பதற்கு எதிர் ‘பில் இருந்தால்தான் மாற்றித் தருவோம்’. நல்ல கடைகள் பல அப்படித்தான் நடக்கின்றன, அதில் தவறும் இல்லை. இப்படி நியாயமான ஒருவர் எதிர்ப் பக்கத்தையும் தேர்ந்தெடுக்க முடியும் என்றால்தான் உங்கள் வரி ஒரு தேர்வைச் சொல்கிறது. அந்தத் தேர்வுக்கு ஒரு விலையும் இருக்கும். மாதத்தில் சில பாட்டில்கள் வீணாகப் போகும். அந்த விலை கண்ணில் படாத வரி ஊழியருக்கு வழிகாட்டாது.

அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், சிறப்பு என்று நான்கு விழுமியங்களை அறிவித்திருந்தது. கணக்கில் பெரும் மோசடி வெளிப்பட்டு 2001 டிசம்பரில் அது திவாலானது. மோசடி செய்பவரைச் சொற்கள் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நான்கு சொற்களில் எதுவுமே ஒரு கணக்காளர் முன்னால் இருக்கும் தாளில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்கிய எந்த வாசகத்துக்கும் இந்தக் குறை உண்டு.

4. பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லில் முடியுங்கள். ‘செய்வோம்’, ‘செய்ய மாட்டோம்’ என்று முடியும் வரி, கேட்டவுடன் கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்பது எதையும் சொல்வதில்லை.

5. டெய்லர் தன் கேள்விகளை ஊழியரிடம் கொடுக்கும் முன் தன் மேசையிலேயே சோதித்துப் பார்த்தார். இந்தப் பகுதியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். முதல் கேள்வியே அவரை மடக்கியது. அவர் நிறுவனத்தின் விளம்பரங்களில் உலகிலேயே சிறந்தது, மிக மேலானது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். உண்மையா என்று கேட்டால் நிரூபிக்க வழியில்லை. அந்த மிகைச் சொற்களை எல்லாம் விளம்பரங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். பாத்திரத்தைப் பற்றித் தெரிந்ததை மட்டும் எழுதச் சொன்னார். பிறகு நான்கு துறைத் தலைவர்களை அழைத்துக் காட்டினார். அவர்கள் நால்வரும் வெவ்வேறு சமய மரபைச் சேர்ந்தவர்கள். உங்கள் நம்பிக்கைக்கு முரணாக இதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்ற பிறகுதான் நிறுவனம் முழுவதற்கும் கொண்டுபோனார்.

நீங்களும் அதேபோல் முதலில் உங்கள் மீது பயன்படுத்திப் பாருங்கள். வரிகளை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையிலோ பர்ஸிலோ வைத்துக்கொண்டு ஒரு மாதம் உங்கள் முடிவுகளை அதனோடு ஒப்பிடுங்கள். உங்களாலேயே ஒரு வரியைக் கடைப்பிடிக்க முடியவில்லை என்றால் அதை மாற்றவோ எடுக்கவோ இதுதான் நேரம். ஊழியர் கையில் போன பிறகு எடுத்தால் வேறு அர்த்தம் ஆகிவிடும்.

6. வரிகளை வரிசைப்படுத்துங்கள். என் பார்வையில் இந்தக் குறிப்புகள் எல்லாவற்றிலும் இதுவே முக்கியமானது. வேலையில் வரும் சிக்கலான நேரம் என்பது நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடையில் வருவதில்லை. இரண்டு நல்லவை மோதும்போதுதான் வருகிறது. சொன்ன நாளில் ஆர்டரைக் கொடுப்பதும் நல்லது, நல்ல கொப்பரையில் ஆட்டுவதும் நல்லது. இன்று ஒன்றுதான் நடக்கும் என்றால் எது முதலில்?

ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்கு 1943-ல் ராபர்ட் வுட் ஜான்சன் எழுதிய கொள்கை உரை இந்த வரிசையை வெளிப்படையாகச் சொன்னது. முதல் பொறுப்பு பொருட்களைப் பயன்படுத்துபவர்களுக்கு, அதாவது மருத்துவர்கள், செவிலியர், தாய்மார்கள் போன்றவர்களுக்கு. அடுத்து ஊழியர்களுக்கு, பிறகு வாழும் சமூகத்துக்கு. பங்குதாரர்கள் கடைசி. 1982-ல் சிகாகோ பகுதியில் யாரோ அந்த நிறுவனத்தின் டைலெனால் காப்ஸ்யூல் புட்டிகளில் சயனைடைக் கலந்துவைத்ததில் ஏழு பேர் இறந்தார்கள். நிறுவனம் நாடு முழுவதும் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் கடை மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். பணம் போட்டவர்கள் கடைசி வரியில் இருக்கிறார்கள் என்று முன்பே எழுதிவைத்திருந்ததால், அந்த நாளில் எது முதலில் என்ற வாதத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை.

அந்த உரை ஒரு பக்கம் நீளம், யாரும் எளிதில் ஒப்பிக்க முடியாது. அதன் பலம் வரிசையில் இருக்கிறது. டெய்லருடையதன் பலம் சுருக்கத்தில். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: அதே ஜான்சன் அண்ட் ஜான்சன் பிற்காலத்தில் குழந்தைப் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது. ஒருமுறை சரியாக வழிகாட்டிய உரை எப்போதும் காப்பாற்றும் என்று எண்ணிவிட வேண்டாம்.

7. இப்போது நம் எண்ணெய்க் கடையின் வாசகத்தை எழுதிப் பார்ப்போம். முதல் வரைவு அநேகமாக இப்படி இருக்கும்: ‘பாரம்பரியமும் தூய்மையும் கலந்த எங்கள் எண்ணெய், உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியத்துக்கு நாங்கள் தரும் உறுதி.’ இதை மேலே நோட்டில் பார்த்த ஆறு கேள்விகளில் எதனோடு வைத்தாலும் பதில் கிடைக்காது. எதிர்ச் சோதனையிலும் தோற்கும். கூடவே ‘ஆரோக்கியத்துக்கு உறுதி’ என்பது உண்மையா என்று டெய்லரின் முதல் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது.

நோட்டிலிருந்து எழுந்த வரைவு இப்படி வரும்:

நம்ம வீட்டுச் சமையலுக்கு ஆகாததை விற்க மாட்டோம்.
தெரிந்ததை மட்டும் சொல்வோம், மருந்து என்று சொல்ல மாட்டோம்.
திரும்பி வந்த பாட்டிலைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவோம்.
எள் தந்தவரைக் காசுக்கு அலைய விடமாட்டோம்.

இதன் அடியில் ஒரு குறிப்பு: இரண்டு வரி மோதினால் மேலே இருப்பதைக் கேளுங்கள்.

ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சில் சொல்லக்கூடியது. பேசும் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் வரியில் ‘நமது இல்லச் சமையலுக்கு உகந்ததல்லாத’ என்று எழுதியிருந்தால் செக்கில் நிற்பவர் அதைத் தன் வார்த்தையாகச் சொல்லமாட்டார். வேறொருவர் எழுதிக் கொடுத்ததைப் படிப்பார். எல்லா வரியும் ‘மாட்டோம்’, ‘தருவோம்’ என்று ஒரே ஓட்டத்தில் முடிவதால் காதில் தங்கும். எதுகை மோனை தானாக அமைந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகப் பொருளை வளைக்காதீர்கள். ஓசைக்காகச் சேர்த்த சொல்லைத்தான் முதலில் மறப்பார்கள்.

ஐந்தாவது வரி எழுதத் தோன்றும். ஐந்து வரை தாங்கும். ஆறு, ஏழு என்று போனால் நடுவில் உள்ளவை விட்டுப்போகும். புதிய வரி ஒன்று வேண்டும் என்றால் இருப்பதில் ஒன்றை எடுங்கள்.

8. எழுதியதை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன்பே நோட்டில் உள்ள கேள்விகளோடு சோதியுங்கள். வெவ்வேறு வேலை செய்யும் மூன்று பேரைத் தனித்தனியாக அழையுங்கள். வாசகத்தைக் கையில் கொடுத்து, பழைய கேள்விகளில் பத்தைப் படித்து, “இதில் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். சரி தவறு சொல்லாமல் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ஒரே பதில் சொல்கிறார்களா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. ஒரே கேள்விக்கு மூன்று பதில் வந்தால் குறை வரியில் இருக்கிறது, அவர்களிடம் இல்லை.

கந்தக வாசனைக் கொப்பரையைக் கேட்டால் மூவரும் முதல் வரியைக் காட்டித் திருப்பி அனுப்புவேன் என்பார்கள். நாளைய ஆர்டர்? அதற்கு இரண்டாவது வரி: வாங்குபவரை அழைத்து, கொப்பரை சரியில்லை, இரண்டு நாள் ஆகும் என்று உள்ளதைச் சொல்லிவிடுவது. இப்படி ஒரு சிக்கலுக்கு இரண்டு வரிகள் கைகோத்து வழிகாட்டினால் வாசகம் நன்றாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

தெளியாத எண்ணெய்க் கேள்வியில்தான் பதில்கள் பிரியும். ஒருவர் வீட்டுக்கு ஆகாதது என்று மறுப்பார். இன்னொருவர், நாங்களே வீட்டில் அதை ஊற்றிக்கொள்வோம், அடியில் கசடு தங்கும், அவ்வளவுதான், கொடுக்கலாம் என்பார். இரண்டாமவர் சொல்வது சரி. தெளியாத எண்ணெய் கெட்டுப்போனது இல்லை. ‘தெளியாத எண்ணெய் விற்க மாட்டோம்’ என்று ஒரு வரியைச் சேர்க்க அவசரப்படாதீர்கள். இரண்டாம் வரியே போதும்: இன்னும் தெளியவில்லை, அடியில் கசடு நிற்கும், இரண்டு நாள் பொறுத்தால் தெளிந்தது கிடைக்கும் என்று சொல்லுங்கள், முடிவை வாங்குபவர் எடுக்கட்டும். இதை மூவரிடமும் ஒருமுறை பேசிவிட்டால் போதும், வாசகத்தில் ஒரு சொல்லும் கூட வேண்டாம்.

சர்க்கரை குறையுமா என்ற கேள்வியில் விற்பனையில் இருப்பவர் தயங்குவார். மற்ற கடைகள் குறையும் என்று சொல்கின்றனவே என்பார். இரண்டாம் வரியின் விலை அங்கேதான் தெரியும். ‘எங்களுக்குத் தெரியாது, டாக்டரிடம் கேளுங்கள்’ என்று சொன்னால் அந்த அழைப்பு விற்பனையில் முடியாமல் போகலாம். அந்த விலையைக் கொடுக்க நீங்கள் தயாரா என்பதை இப்போதே தீர்மானியுங்கள்.

9. வரியோடு அதிகாரத்தையும் கொடுங்கள். ‘மாற்றித் தருவோம்’ என்று ஒப்பித்துவிட்டு, மாற்றித் தர ஒவ்வொரு முறையும் அக்காவைக் கேட்க வேண்டும் என்றால் வரி செத்துவிடும். ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க எந்த ஊழியரும் மேலாளரைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவு செய்யலாம் என்ற ஏற்பாடு புகழ்பெற்றது. தொகை அவர்கள் தொழிலுக்கு ஏற்றது. நம் கடைக்கு இரண்டு லிட்டர் எண்ணெயின் விலை போதும். கல்லாவில் இருப்பவர் அதுவரை தானே முடிவெடுத்து, மாலையில் நோட்டில் ஒரு வரி எழுதிவைப்பார். எள் கொடுத்தவருக்கு எனத் தனியாக ஒரு சிறு தொகையும் கல்லாவில் இருக்கட்டும். இல்லையென்றால் நான்காம் வரி நீங்கள் ஊரில் இருக்கும் நாளில் மட்டும்தான் வேலை செய்யும்.

யாராவது ஏமாற்றுவார்களே என்ற பயம் வரும். சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். ஒரே ஆள் மூன்றாம் முறை பாதிப் பாட்டிலோடு வந்தால் அப்போது அக்காவைக் கூப்பிடலாம் என்று கடை விதியில் எழுதிவிடுங்கள். வாசகத்தில் விலக்குகளை எழுத ஆரம்பித்தால் அது ஒப்பந்தப் பத்திரம் போல் நீண்டுவிடும்.

10. தமிழ் தெரியாதவர்கள் இருந்தால், இன்று ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் பல கடைகளில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரையே தம் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டாம். பிறகு இன்னொருவரிடம் அவர் சொன்னதைத் தனக்குத் தெரிந்த தமிழில் திருப்பிச் சொல்லச் சொன்னால் பொருள் மாறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

11. ஒப்பிப்பதை ஒரு நாளுக்கு ஒரு வரி என்று வையுங்கள். தினமும் காலையில் நான்கு வரியையும் சேர்ந்து சொன்னால் சில வாரங்களில் பொருள் போய் ஓசை மட்டும் நிற்கும். ரிட்ஸ் கார்ல்டனில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் சில நிமிடம் கூடி நின்று, தங்கள் கொள்கைகளில் அன்றைக்கு உரிய ஒன்றை மட்டும் பேசுகிறார்கள். முழுவதும் அச்சிட்ட சிறு அட்டை ஒவ்வொருவர் பையிலும் இருக்கும்.

நம் கடையில் காலையில் செக்கு ஓடத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் போதும். திங்கள் முதல் வரி, செவ்வாய் இரண்டாம் வரி என்று சுற்றி வரட்டும். ஒருவர் வரியைச் சொல்வார். இன்னொருவர் போன வாரம் அந்த வரி தேவைப்பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்வார். அவ்வளவுதான், நீங்கள் உபதேசம் செய்யக்கூடாது. சொல்லச் சம்பவமே இல்லை என்று ஒரு வரிக்கு மூன்று நான்கு வாரம் தொடர்ந்தால் அந்த வரி உங்கள் கடைக்குத் தேவையில்லாததாக இருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரத்தில் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். சம்பவங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாலே வரிகள் மனதில் ஏறிவிடும்.

12. முடிவெடுக்கும் இடத்தில் ஒட்டுங்கள். முதல் வரி கொப்பரையும் எள்ளும் இறக்கும் இடத்தில், இரண்டாம் வரி தொலைபேசிக்குப் பக்கத்தில், மூன்றாவதும் நான்காவதும் கல்லாவில். வாடிக்கையாளர் கண்ணில் படும் பெரிய பலகையை உடனே வைக்காதீர்கள். ஆறு மாதம் கடைக்குள் நடந்த பிறகு வைக்கலாம். வெளியே முதலில் மாட்டினால் ஊழியர் அதை விளம்பரம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

13. வரிக்கு விலை கொடுக்க வேண்டிய முதல் நாளை எல்லோரும் பார்க்கட்டும். டெய்லர் சொன்ன ஒரு சம்பவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் நிறுவனம் ஒரு அச்சு வேலைக்கு விலை கேட்டு, குறைவாகக் கேட்ட அச்சகத்துக்கு வேலையைக் கொடுத்தது. பிறகு அச்சகத்தார் தன் கணக்கில் 500 டாலர் குறைத்துப் போட்டுவிட்டதைக் கண்டுபிடித்தார். சட்டப்படி அவர் சொன்ன விலைக்கே செய்துகொடுத்தாக வேண்டும். நிறுவனமும் கடனில் மூழ்கியிருந்த நேரம் அது, 500 டாலர் பெரிய பணம். கூடி விவாதித்தார்கள். எல்லோருக்கும் நியாயமா என்ற இரண்டாம் கேள்வியை வைத்துப் பார்த்து, விடுபட்ட 500 டாலரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்படி ஒரு முடிவு ஊழியரிடையே பரவும்போது வேறு எந்தப் பயிற்சி வகுப்பும் தேவைப்படாது. 1937 வாக்கில் நிறுவனத்தின் கடன்கள் அடைந்துவிட்டன. அந்த நான்கு கேள்விகளே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது, டெய்லர் தேர்ந்த நிர்வாகியும்கூட. ஆனால் கேள்விகள் இருந்தும் கடன் அடைந்தது என்பதை, நேர்மை கட்டுப்படியாகாது என்று அஞ்சுபவர்கள் கவனிக்க வேண்டும்.

உங்கள் கடையில் கொப்பரை லாரியைத் திருப்பி அனுப்பி ஆர்டர் ஒன்று கைவிட்டுப்போனால், அனுப்பியவரைக் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். இழந்த தொகையையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாறாக, “என்னைக் கேட்டிருக்கக்கூடாதா?” என்று ஒருமுறை முகம் சுளித்தால் போதும், அன்றிலிருந்து எல்லாமே மறுபடி உங்கள் போனுக்கு வரும்.

14. நீங்களே ஒரு வரியை மீற வேண்டி வந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மழையால் வசூல் நின்றுபோய் இந்த வாரம் எள் பணம் தர முடியவில்லை என்றால், நான்காம் வரியை இந்த வாரம் காப்பாற்ற முடியவில்லை, புதன்கிழமைக்குள் கொடுத்துவிடுவோம், நானே அவருக்குப் போன் செய்துவிட்டேன் என்று கூட்டத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் எட்டுப் பேரும் கவனித்திருப்பார்கள், ஆனால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

15. வாசகம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, மூன்று மாதம் கழித்து மறுபடி அதே நோட்டை இரண்டு வாரம் வையுங்கள். “என்ன செய்யட்டும்?” என்ற கேள்விகள் குறைந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கேள்வியின் வடிவம் மாறியிருக்க வேண்டும். “அக்கா, பாட்டில் திரும்பி வந்தது, மாற்றிக் கொடுத்துவிட்டேன், நோட்டில் எழுதியிருக்கிறேன்” என்பது நல்ல அறிகுறி. எல்லோரும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறார்கள், ஆனால் போன் அழைப்பு முன்போலவே வருகிறது என்றால், அதிகாரம் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஒன்பதாம் குறிப்புக்குத் திரும்புங்கள். அழைப்பு அறவே நின்றுவிட்டது, நோட்டிலும் ஒன்றும் எழுதவில்லை என்றால், பிரச்சினைகள் உங்கள் காதுக்கு வராமல் போகத் தொடங்கியிருக்கலாம். கடையில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள்.

16. ஆண்டுக்கு ஒருமுறை வாசகத்தை எதிர்த்துப் பேச எல்லோருக்கும் நேரம் கொடுங்கள். டைலெனால் சம்பவத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஜான்சன் அண்ட் ஜான்சனில் ஜேம்ஸ் பர்க் என்ற தலைவர் மேலாளர்களைக் கூட்டி, நாம் இதன்படி நடக்கப்போவதில்லை என்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாம், நடக்க முடியுமா என்று சொல்லுங்கள் என்று விவாதிக்க வைத்தார். சில சொற்களை மாற்றி, வரிசையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நெருக்கடி வந்தபோது அந்த உரை அவர்களுக்குப் பழைய காகிதமாக இருக்கவில்லை.

நம் கடையில் இந்தக் கூட்டத்தை ஆள் குறைவாக வரும் மாதத்தில் வையுங்கள். பண்டிகை நேரத்தில் வேண்டாம். எந்த வரி உங்கள் வேலையைத் தேவையில்லாமல் கடினமாக்குகிறது என்று கேளுங்கள். சம்பளம், விடுப்பு பற்றிய பேச்சும் வரும். அதைத் தட்டிக்கழிக்காமல் குறித்துக்கொண்டு வேறொரு நாள் பேசுங்கள். கொள்கை வாசகம் அந்தக் கணக்குகளைத் தீர்க்காது, தீர்ப்பதாகக் காட்டவும் கூடாது.

17. மாற்றினால் புதிய தாளின் கீழ் தேதி போடுங்கள். இறக்கும் இடம், தொலைபேசி, கல்லா என்று மூன்று இடத்திலும் பழையதை அன்றே கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். பைக்குள் வைத்துக்கொள்ள அட்டை கொடுத்திருந்தால் அதையும் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுங்கள்.